மக்ரே சாலைப் பாலத்தின் பூஜ்யம்

நோலீன் ப்ரௌஸ் மனிதர்களை எண்ணிப் பிழைத்த பெண்மணி. சாலையோரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, ஆரஞ்சு மேலங்கியை மாட்டி, மடியில் ஐந்து பொத்தான் வைத்த பலகையோடு உட்கார்ந்துவிடுவார். பெரியவர் போனால் ஒரு பொத்தான், பள்ளிப் பிள்ளைக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, குழந்தை வண்டிக்கு ஒன்று, சக்கர நாற்காலிக்கு ஒன்று. கால்மணி நேரத்துக்கு ஒரு முறை ஐந்து எண்களையும் தாளில் எழுதிவிட்டுத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். அறுபத்து மூன்று வயது வரை இதையே செய்தார், எப்போதாவது கார்களையும் எண்ணினார். அலுக்கவில்லையா என்று கேட்டால், அலுக்கிற அளவுக்கு ஜனங்கள் ஒரே மாதிரி இல்லை என்பார்.

அந்தத் தாள்கள் வந்து சேருவது என்னிடம். நான் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அதில் பதினாறு வருஷம் இதே எண்ணிக்கை நிறுவனத்தின் பின்னறையில், ஏசி இயந்திரத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து, தாளிலிருக்கும் எண்ணைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கிற வேலை. எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அலுவலகத்தில் பேர். உண்மைதான். ஏழா ஒன்றா என்று தெரியாத கிறுக்கல்களை வருஷக்கணக்காகப் பார்த்தால் யாருக்கும் வரும்.

நோலீனின் எண்கள் அச்சடித்தது போல இருக்கும். என்னைப் படுத்தியது அவருடைய ஓரம்தான். தாளின் ஓரத்தில் அரையங்குல வெள்ளை இடம் இருந்தால் போதும், பென்சிலால் எதையாவது எழுதுவார். சிவப்புக் குடைக்காரி இன்று குடையில்லாமல். நடுப்படியில் நின்று ஒருவர் மேகத்தைப் பார்க்கிறார், நானும் பார்த்தேன், ஒட்டகம். மூன்று மணிக்குப் பாலம் மிதக்கிறது. இந்த மாதிரி. ஆரம்பத்தில் ஆசையாகப் படித்தேன். பிறகு வேலை கூடியது. ஓரத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். படித்தாலும் அதை ஏற்ற என் கணினியில் கட்டம் கிடையாது.

மக்ரே சாலை ஆறு தடம். கெல்லார்டன் என்ற எங்கள் புறநகரை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது. கிழக்கே குடியிருப்புகள், மேற்கே மருத்துவமனையும் ரயில் நிலையமும். நடுவில் ஒரு பழைய நடைமேம்பாலம். இரண்டு முனையிலும் நாற்பது படி, பிற்பாடு ஒட்டவைத்த முனைக்கொரு லிஃப்ட். கூரை கிடையாது, சாய்தளம் கிடையாது. கோடையில் மேலே நடந்தால் கைப்பிடிக் கம்பி சுடும். அதனால் பாதிப் பேர் பாலத்துக்கு அடியிலேயே, நடுத்திட்டு வேலியில் யாரோ வெட்டி வைத்த ஓட்டை வழியாகக் குனிந்து ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன்.

பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று ஆனபோது, எத்தனை பேர், எப்படிப்பட்டவர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை. நோலீன் பாலத்தின் மேலே நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, அருகில் உட்கார்ந்தார். விதி ஒன்றே ஒன்று. கோட்டைத் தாண்டியவரை எண்ணு, தாண்டாதவரை எண்ணாதே.

அன்றைய நாளைப் பற்றி அவர் பிற்பாடு நிறையச் சொன்னார். ஜகரண்டா பூக்கும் மாதம். ஊதாப் பூக்கள் காற்றில் ஏறிப் பாலத்துத் தரையில் உருண்டு வந்தனவாம். கீழே வண்டிகள் ஓடுகிற ஓசை ஒரு கட்டத்துக்குப் பிறகு கேட்காமல் போய்விடும், உடம்பில் மட்டும் அதிரும் என்றார். முகங்கள் வந்தன, போயின. விரல் தானாகப் பொத்தானை அழுத்தியது. மதியம் வெயில் நடுங்கியபோது, பாலம் கரையை விட்டுக் கிளம்பிவிட்டதாகவும் தான் மட்டும் அதில் உட்கார்ந்து போவதாகவும் தோன்றியதாம். கைப்பிடி வழியாகக் கீழே பார்த்தபோதுதான் ஓர் அம்மாளைக் கண்டார்.

மின்சாரச் சக்கர நாற்காலி. பின்னால் உயரக் கம்பியில் ஒரு சின்ன மஞ்சள் கொடி. கிழக்கு லிஃப்ட்டின் கதவருகே வந்து நின்றார். கதவில் ஒட்டியிருந்த 'வேலை செய்யவில்லை' அட்டையைப் படித்தார். அதையே இன்னொரு முறை படிப்பது போலக் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு நாற்காலியை அதே இடத்தில் சுற்றித் திருப்பி, வந்த வழியே போனார். அவருக்கு முன்னும் பின்னுமாக அன்றைக்குப் பதினான்கு பேர், சக்கர நாற்காலியிலும், குழந்தை வண்டியோடும், நடைச் சட்டத்தை ஊன்றியும் வந்து படித்துத் திரும்பினார்கள். ஒருவரும் கோட்டைத் தாண்டவில்லை. நோலீன் ஐந்தாவது பொத்தானைத் தொடவே இல்லை. ஓரத்தில் மட்டும் பென்சிலால் எழுதி வைத்தார்: லிஃப்ட் ஓடவில்லை, பதினான்கு பேர் திரும்பினார்கள், இதை யாராவது கவனிக்கவும்.

அந்த யாராவது நான்தான். தாள் என் மேசைக்கு வந்தது. சக்கர நாற்காலி என்ற பத்தியில் மேலிருந்து கீழ் வரை வெறும் பூஜ்யம். அடியில் கூட்டுத்தொகை என்று இருந்த இடத்தில் நான் ஒரு பூஜ்யத்தைத் தட்டினேன். ஓரத்தைப் பார்க்கவில்லை. ஒட்டகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஆறு வாரம் கழித்து நூலகக் கூடத்தில் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டுப் புதுப் பாலத்தின் படங்களைக் காட்டினார்கள். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு என்பதால் கூட்டம் இருந்தது. நோலீன் என்னை இழுத்துக்கொண்டு போனார். படத்தில் பாலம் அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் அகலமான படி, மேலே நீளக் கூரை. லிஃப்ட் இல்லை, சாய்தளமும் இல்லை. பக்கத்தில் ஒரு பலகையில் காரணம் எழுதியிருந்தது. சக்கர நாற்காலியில் கடப்பவர், ஒரு நாளில்: 0. தேவைப்படுபவர்களுக்குத் தொள்ளாயிரம் மீட்டர் தெற்கே போக்குவரத்து விளக்குச் சந்திப்பு இருக்கிறது.

அந்தப் பூஜ்யத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

பொறியாளர் தெவிதா ஃபொனுவா. பெற்றோர் பசிபிக் கடலின் டோங்கா தீவுகளிலிருந்து வந்தவர்கள். பெரிய ஆகிருதி, மெல்லிய குரல். அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் கிளாரி என்ற ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் குறுக்கே பேசினார். லிஃப்ட் எதுக்குய்யா, அந்தப் பெட்டியில மூத்திர நாத்தம்தான் மேலயும் கீழயும் போயிட்டு வருது என்றார். கூடம் சிரித்தது. பொய்யும் இல்லை. சிரிப்பு அடங்கியபோது நோலீன் எழுந்து நின்றிருந்தார்.

"அந்தப் பூஜ்யம் என்னோடது. அன்னிக்கு எண்ணினது நான். லிஃப்ட் செத்துக் கிடந்துச்சு. பதினாலு பேர் கீழ வந்து பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க. கதவைப் பூட்டி வெச்சுட்டு வீட்டுக்கு யாரும் வரலைன்னு எழுதின மாதிரி இருக்கு."

என் பேரைச் சொல்லவில்லை. ஓரத்தில் எழுதினேன், ஒருத்தன் படிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

தெவிதா சண்டைக்கு வரவில்லை. கூட்டம் கலைந்தபின் எங்களிடம் வந்தார். லிஃப்ட் மாநகராட்சியுடையதா, சாலைத் துறையுடையதா என்று இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்ததால் பழுது பார்க்க ஏழு வாரம் ஆனதாம், இப்போதுதான் ஓடுகிறதாம்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்மா. ஆனா எங்க மேலிடத்துல நம்பிக்கைக்குப் பத்தி கிடையாது. அங்க ஒரு தாள் பூஜ்யம்னு சொல்லுது. அதை அடிக்க இன்னொரு தாள் வேணும். மூணு வாரம் டைம் இருக்கு."

மறு எண்ணிக்கை ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே போய் இரண்டு லிஃப்ட்டிலும் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோலீன் உட்கார்ந்தார். பதிமூன்று மணி நேரம். சக்கர நாற்காலி, மூன்று. குழந்தை வண்டி, ஐந்து.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஏன் என்று புரிய வெகு நேரம் ஆகவில்லை. ஏழு வாரம் வந்து வந்து ஏமாந்தவர்கள், ஓட ஆரம்பித்துவிட்டது என்று யார் சொல்லி வருவார்கள்? பாலத்தை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். நான் நோலீனிடம் ஒரு யோசனை சொன்னேன். குடியிருப்புகளில் ஒரு துண்டுச்சீட்டு போடுவோம், லிஃப்ட் ஓடுகிறது வாருங்கள் என்று. அடுத்த வாரம் இன்னொரு தடவை எண்ணுவோம், இருபது முப்பது தேறும். யாருக்குத் தெரியப் போகிறது?

"கூப்பிட்டு வரவெச்சு எண்ணினா அது விருந்து, பரிதி. கணக்கு இல்ல" என்றார்.

அந்த மஞ்சள் கொடி அம்மாவுக்குத்தானே செய்கிறோம், நேர்மையைத் தூக்கிக் கொஞ்சம் ஓரமாக வைத்தால் என்ன என்று நான் கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு ஐபிஸ் பறவை குப்பைத்தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, தூக்கத்திலிருந்து பேசுகிறவர் போலச் சொன்னார், திரும்பிப் போனவங்க எங்கயோ போயிருப்பாங்க இல்ல, அங்க போய் எண்ணுவோம்.

அப்படித்தான் தெற்கே தொள்ளாயிரம் மீட்டர் தள்ளியிருந்த விளக்குச் சந்திப்புக்குப் போனோம். எண்ணிக்கையோடு கேள்வித் தாளும் வைக்கலாம் என்று தெவிதா எழுத்தில் அனுமதி கொடுத்தார். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், ஏன் இந்த வழி. மூன்றே கேள்வி. அன்று ஆள் பற்றாததால் கேள்விப் பலகையை நோலீனும் எண்ணும் பலகையை நானும் வைத்துக்கொண்டோம். பதினாறு வருஷத்தில் நான் பின்னறையை விட்டு வெளியே வந்து எண்ணியது அதுதான் முதல் தடவை.

எண்ண ஆரம்பித்த அரைமணியில் எனக்கும் அது பிடித்துக்கொண்டது. விளக்கு மாறும், ஒரு கூட்டம் மிதந்து வரும், கலையும். மறுபடி விளக்கு மாறும். யார் யாரோ என் விரல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் எங்கே போகிறார்கள் என்று அறிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மதியத்துக்குள் ஐந்தாவது பொத்தான் இருபத்தாறு காட்டியது. அதில் பத்தொன்பது பேர் பாலத்துக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி, அதே பாலத்தின் மறுமுனைக்குப் போகிறவர்கள். தெற்கே தொள்ளாயிரம், வடக்கே தொள்ளாயிரம். ஒரு சாலையைத் தாண்டக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர்.

இரண்டு மணிக்கு மஞ்சள் கொடி வந்தது.

பெயர் ஏவரில் ஸ்ட்ரௌட். எழுபதைத் தாண்டியவர், மடியில் ஒரு துணிப்பை. கிழக்குக் குடியிருப்பிலிருந்து மருத்துவமனைக்கு, வாரம் மூன்று நாள், இரத்தம் சுத்தம் செய்துகொள்ள. நோலீன் மூன்றாவது கேள்வியைக் கேட்டார், ஏன் இந்த வழி. லிஃப்ட் பழுதென்று சொல்வார் என்று நாங்கள் பேனாவோடு காத்திருந்தோம்.

"இனிமே அது ஓடுனாலும் நான் ஏற மாட்டேன், கண்ணு. ரெண்டு மாசம் முன்ன மனசைத் தேத்திக்கிட்டுக் கதவு வரைக்கும் போனேன், ஓடலைன்னு அட்டை, அதோட சரி. போன பிப்ரவரில ஏறினேன். மேல போயிட்டேன். அந்தப் பக்கம் இறங்கற லிஃப்ட் ஓடல. திரும்பி இந்தப் பக்கம் வரேன், நான் ஏறி வந்த லிஃப்ட்டும் நின்னுபோச்சு. இந்த வண்டி மட்டும் நூத்தி இருபது கிலோ, படியில யாரு தூக்குவா? போன் வீட்டுல சார்ஜ்ல கிடக்கு. அந்த வெயில்ல யாரு மேல வர்றா? ஒரு பையன் வந்தான், நல்ல பையன், கதவுல இருந்த நம்பருக்குப் பேசினான். ஆள் வந்து சேர ரெண்டே முக்கால் மணி நேரம். முப்பத்தெட்டு டிகிரி. தலைக்கு மேல ஒரு துண்டு நிழல் இல்ல."

நோலீன் எழுதிக்கொண்டே இருந்தார். கீழே அத்தனை பேர் போனார்களே, கூப்பிட்டிருக்கலாமே என்று நான் இடையில் கேட்டேன்.

"அந்தச் சத்தத்துல குரல் எங்க கேக்கும்? கையாட்டினேன். ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அவங்களும் ஆட்டினாங்க. பஸ்ஸுல போன பிள்ளைங்க ஆட்டிச்சு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். கீழ ரோட்டோரம் ஆரஞ்சுச் சட்டை போட்டு ஒரு பொம்பளை கார் எண்ணிட்டு உக்காந்திருந்தா. அவ எழுந்து நின்னே ஆட்டினா. முகமெல்லாம் சிரிப்பு."

நோலீனின் பேனா நின்றது. பிப்ரவரியில் அந்தப் பாலத்தடியில் கார் எண்ணியது யார் என்று எனக்கும் தெரியும். அந்தத் தாளும் என்னிடம்தான் வந்தது. ஓரத்தில் என்ன எழுதியிருந்தார் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

"அது நான்" என்றார் நோலீன். "சந்தோஷமா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

விளக்கு பச்சைக்கு மாறி, நடப்பவர்களுக்கான டிக்டிக் சத்தம் வேகமாக அடித்து, மறுபடி சிவப்பானது. ஏவரில் கையை நீட்டி நோலீனின் முழங்கையைத் தட்டினார். பரவாயில்லை, அன்னிக்கு எனக்காக எழுந்து நின்னது நீ ஒருத்திதான் என்றார். அதைக் கேட்டதும் நோலீன் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது, நான் பலகையைக் குனிந்து பார்த்தேன்.

ஏவரில் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் அறிக்கையில் சேர்த்தோம். அதற்கு முன்பக்கத்தில், முதல் எண்ணிக்கையில் ஓரக் குறிப்பைப் பார்க்காமல் பூஜ்யத்தை ஏற்றியது நான் என்று என் பேரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் முகம் சுளித்தார். தெவிதா பாலத்தின் படத்தை மறுபடி வரைந்தார்.

புதுப் பாலத்துக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஆறரை மீட்டர் ஏற வேண்டும், பதினாலுக்கு ஒன்று என்ற சரிவு, ஒன்பது மீட்டருக்கு ஒரு முறை நின்று மூச்சுவிடச் சமதளம். ஆக ஒரு சாய்தளம் நூறு மீட்டரைத் தாண்டிவிடும். மூன்றாக மடித்துத்தான் போட முடிந்தது. மேற்கே, புல்வெளியில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்காரர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு பட்டையை விட்டுக்கொடுத்தார்கள். கிழக்கே பூங்காவில் ஒரு மூலை போயிற்று. லிஃப்ட் இரண்டும் உண்டு. அது நின்றாலும் சாய்தளம் நிற்காது என்று தெவிதா சொன்னார். முழு நீளத்துக்கும் கூரை, பக்கவாட்டில் காற்று வரக் கம்பிவலை. நடுவில் இரண்டு பெஞ்சு, ஒரு உதவிப் பொத்தான். கிளாரி கூட வந்து ஏறிப் பார்த்தார். நாத்தம் இன்னும் வரலை, இருங்க வரும் என்றார்.

திறந்த மூன்றாம் வாரம் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க மறுபடி எங்களைக் கூப்பிட்டார்கள். பாலத்தின் நடுவில் ஓர் ஆள், கிழக்குச் சாய்தளத்தின் அடியில் நோலீன். அதுதான் அவருடைய கடைசி எண்ணிக்கை, அந்த மாதத்தோடு ஓய்வு. பார்க்கலாம் என்று மதியம் நானும் போயிருந்தேன். கூரையின் நிழல் கீழே புல்வெளியில் நீளமாகப் படுத்திருந்தது. சாய்தளத்தில் குழந்தை வண்டிகளும் சைக்கிள்களும் மெதுவாக மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. சாலை எங்கோ தூரத்தில் ஓடுவது போல இருந்தது.

ஏவரில் சாய்தளத்தில்தான் போனார். லிஃப்ட்டை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு சமதளத்திலும் நின்று, பையைச் சரிசெய்து, திருப்பத்தில் மறைந்து, அடுத்த மடிப்பில் இன்னும் உயரத்தில் தெரிந்தார். மேலே போய்ச் சேர்ந்ததும் கம்பிவலை ஓரமாக வண்டியை நிறுத்தினார். எங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

நான் பதிலுக்குக் கையைத் தூக்கினேன். நோலீன் தூக்கவில்லை. பலகையை நாற்காலியில் போட்டுவிட்டுப் படியைப் பார்த்து ஓடினார். அறுபத்து மூன்று வயதுக்கு அது பெரிய ஓட்டம். நானும் பின்னால் போனேன். மேலே மூச்சிரைக்க நின்ற அவரைப் பார்த்து ஏவரில் திகைத்துப்போனார்.

"ஒண்ணும் இல்லடி, சும்மாதான் ஆட்டினேன்."

"தெரியாதுல்ல" என்றார் நோலீன். "கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

இரண்டு பேரும் பெஞ்சுப் பக்கம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே இறங்கி வந்தபோது கால்மணி நேரம் கடந்திருந்தது. சாய்தளத்தில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. மறுநாள் நோலீனின் தாள் என் மேசைக்கு வந்தது. இரண்டேகால் முதல் இரண்டரை வரை ஐந்து கட்டமும் வெறுமையாக இருந்தன. நான் பூஜ்யம் போடவில்லை. காலியாகவே விட்டேன்.